60 சதவீதத்திலேயே நின்று, திடீரென அணையும் எல்எஃப்பி பேட்டரி: டிஸ்சார்ஜ் கர்வை வைத்துப் பழுது பார்ப்பது

எல்எஃப்பி என்று சொல்லப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "மீட்டர்ல பாதிக்கு மேல காட்டுது, ஆனா ஆஃப் ஆயிடுது." "ஃபுல் சார்ஜ்தான், லோடு போட்டா அலாரம் அடிக்குது." செல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால், பேட்டரி காலியாகும்போது வோல்டேஜ் எப்படி இறங்குகிறது என்று காட்டும் டிஸ்சார்ஜ் கர்வ், டேட்டாஷீட்டில் இருக்கும் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது செல்லிலா, வயரிலா, செட்டிங்கிலா என்று பிரித்துச் சொல்ல அந்த ஒரு பக்கம் பெரும்பாலும் போதும்.

கீழே எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 100 ஆம்பியர்-மணி எல்எஃப்பி செல் நான்கைத் தொடராக இணைத்து, செல்களைக் கண்காணித்து எல்லை மீறினால் துண்டிக்கும் பிஎம்எஸ் போர்டு போட்டு, 12 வோல்ட் இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறது. உங்களிடம் எட்டு செல்லோ பதினாறு செல்லோ இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு மல்டிமீட்டரும், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே உதவாது.

## கர்வைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியவை

நெட்டுக்கோட்டில் வோல்டேஜ் இருக்கும். அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பல டேட்டாஷீட்களில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 2.0 அல்லது 2.4 வோல்ட்டிலிருந்து தொடங்கும். அதனால் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். கண்ணால் மதிப்பிடாமல், ஸ்கேலை வைத்து எண்ணாகப் படியுங்கள்.

கிடைக்கோட்டில் எடுத்த சார்ஜ் இருக்கும், ஆம்பியர்-மணியாகவோ சதவீதமாகவோ. சதவீதமாக இருந்தால், எதன் சதவீதம் என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் அதனதன் மொத்த அளவுக்கே சதவீதமாக்கிப் போட்டிருந்தால் எல்லாக் கோடுகளும் 100-இல் போய் அழகாக முடியும். குளிரிலும் அதிக கரண்டிலும் குறைந்துபோகும் கொள்ளளவு அந்தப் படத்தில் மறைந்துவிடும். ஆம்பியர்-மணியில் போட்ட படம் இருந்தால் அதையே எடுங்கள்.

ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் 0.2C, 0.5C, 1C என்று எழுதியிருக்கும். 100 ஆம்பியர்-மணி செல்லுக்கு 0.2C என்றால் 20 ஆம்பியர், 1C என்றால் 100 ஆம்பியர். உங்கள் லோடு எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் கோடு.

எல்எஃப்பி கர்வின் உருவம் இதுதான்: தொடக்கத்தில் ஒரு சிறு சரிவு, பிறகு 3.2, 3.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நீண்ட சமதளம், கடைசியில் 3.0 வோல்ட்டுக்குக் கீழே செங்குத்தான வீழ்ச்சி. வீழ்ச்சி 2.5 வோல்ட்டில் முடியும். சில செல்களுக்கு 2.0 என்றும் போட்டிருப்பார்கள். இதில் நாம் பயன்படுத்தப் போவது இரண்டே விஷயம். ஒன்று சமதளம் எந்த உயரத்தில் இருக்கிறது, இன்னொன்று அது எவ்வளவு நீளம் ஓடுகிறது. உயரம் குறைந்தால் வழியில் எங்கோ ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கிறது. நீளம் குறைந்தால் கொள்ளளவு போயிருக்கிறது. சமதளத்தின் நடுவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மட்டும் வோல்டேஜ் சொல்லாது. முதல் புகார் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

## அறிகுறி: சதவீதம் நெடுநேரம் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாக விழுகிறது

முதலில் பார்க்க வேண்டியது மீட்டரின் பேட்டரி வகை செட்டிங். முன்பு லெட் ஆசிட் இருந்த இடத்தில் எல்எஃப்பியை மாட்டியிருந்தால் மீட்டர் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும், காலியாகும்போது 12-க்கும் கீழே வரும். எல்எஃப்பியோ கால்வாசிதான் மிச்சம் இருக்கும்போதும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். லெட் ஆசிட் கணக்குப் போடும் மீட்டருக்கு அது எப்போதும் ஃபுல். கடைசி வீழ்ச்சி தொடங்கியதும்தான் அதற்கு விஷயமே தெரியவரும். செட்டிங்கை மாற்றுவதற்குச் செலவில்லை.

அடுத்து, மீட்டர் வோல்டேஜை மட்டும் பார்ப்பதா என்று பாருங்கள். எல்எஃப்பி என்று செட்டிங் வைத்தாலும் வோல்டேஜை மட்டும் பார்க்கும் மீட்டரால் நடுப்பகுதியைச் சொல்ல முடியாது. ஏன் என்று எண்ணிலேயே பார்த்துவிடலாம். ஓய்வில் இருக்கும் செல்லுக்கு 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் சுமார் 0.01 வோல்ட். நான்கு செல்லுக்கு 0.04. சாதாரண மல்டிமீட்டரின் துல்லியம் அரை சதவீதம் என்று வைத்தால், 13.2 வோல்ட்டில் அதன் பிழையே 0.066 வோல்ட். அளக்க வேண்டியதைவிட அளக்கும் கருவியின் பிழை பெரியது. இதோடு இன்னொன்றும் சேரும். அதே 50 சதவீதத்தில் இருக்கும் செல், சார்ஜ் ஆகி ஓய்ந்திருந்தால் ஒரு வோல்டேஜும், டிஸ்சார்ஜ் ஆகி ஓய்ந்திருந்தால் சற்றுக் குறைந்த வோல்டேஜும் காட்டும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் இந்த வித்தியாசம் முழுதாக மறையாது.

"13.2 என்றால் 70 சதவீதம், 13.1 என்றால் 40 சதவீதம்" என்று சுற்றிவரும் அட்டவணைகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. இரண்டு முனைகளில் மட்டும் அவற்றுக்கு மதிப்பு உண்டு. அரை மணி நேரம் லோடு இல்லாமல் இருந்த செல் 3.0 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கிட்டத்தட்டக் காலி. 3.4-க்குப் பக்கத்தில் நின்றால் கிட்டத்தட்ட நிறைவு. நடுவில் இருப்பதற்கு, உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் எண்ணும் ஷன்ட் மீட்டர்தான் வழி.

ஷன்ட் மீட்டர் இருந்தும் இதே புகார் என்றால் அது கடைசியாக எப்போது 100-க்குத் திரும்பியது என்று பாருங்கள். கரண்டை எண்ணிக்கொண்டே போகும் மீட்டரில் சிறு பிழைகள் நாளுக்கு நாள் சேரும். பேட்டரி முழுதாக நிறைந்து, சார்ஜிங் கரண்ட் தேய்ந்து வரும்போதுதான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வாரக்கணக்கில் 80 வரை மட்டும் சார்ஜ் ஆகி இறங்கும் அமைப்பில் அந்தத் தருணம் வரவே வராது. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். நிறைவு என்று மீட்டர் எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த எல்லையை 14.4 வோல்ட் என்று வைத்து, சார்ஜர் 14.2-ஓடு நின்றுவிட்டால் மீட்டர் காலத்துக்கும் 100-க்கு வராது.

லோடு மீட்டருக்குப் பின்னால் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு நெகட்டிவ் வயர் நேராக பேட்டரி முனையில் மாட்டப்பட்டிருந்தாலும் அதன் கரண்ட் கணக்கில் வராது.

இத்தனையும் சரியாக இருந்தும் மீட்டர் 40 காட்டும்போதே பேட்டரி விழுகிறது என்றால் கொள்ளளவு நிஜமாகவே குறைந்திருக்கலாம். கீழே கொள்ளளவு அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: லோடு போட்டதும் லோ பேட்டரி அலாரம், எடுத்ததும் சரியாகிவிடுகிறது

கர்வ் பக்கம் அதிகம் கைகொடுப்பது இந்த அறிகுறிக்குத்தான். அதனால் ஒரு கேஸை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

இன்வெர்ட்டரின் லோ பேட்டரி அலாரம் 12.2 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 1000 வாட் லோடு. டிசி பக்கம் கிளாம்ப் மீட்டரில் 87 ஆம்பியர். பேட்டரி முந்தைய இரவு ஃபுல் சார்ஜ் ஆனது, கால்வாசிகூடச் செலவாகவில்லை. ஆனாலும் இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயில் 12.07, அலாரம் அடிக்கிறது.

டேட்டாஷீட்டில் சமதளத்தின் நடுவே, அதாவது 50 ஆம்பியர்-மணி எடுத்த இடத்தில், ஒரு நெட்டுக்கோடு போடுங்கள். 0.2C கோட்டை அது வெட்டும் இடத்தில் 3.28 வோல்ட். 1C கோட்டை வெட்டும் இடத்தில் 3.20 வோல்ட். இரண்டு சமதளங்களுக்கும் நடுவே இருக்கும் உயர வித்தியாசம்தான் செல்லின் ரெசிஸ்டன்ஸ்.

```
R = (3.28 - 3.20) / (100 - 20)
  = 0.08 / 80
  = 0.001
```

ஒரு செல்லுக்கு 1 மில்லி ஓம். டேட்டாஷீட்டில் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் என்று தனியாக ஒரு எண் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அதை 1 கிலோஹெர்ட்ஸ் ஏசியில் அளக்கிறார்கள். லோடில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று கணிக்க அந்த எண் உதவாது. கர்வில் இருந்து எடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 87 ஆம்பியரில் செல் எங்கே நிற்க வேண்டும்? 20 ஆம்பியரில் 3.28. அதைவிட 67 ஆம்பியர் கூட, ஆகவே 0.067 வோல்ட் குறைந்து 3.213. நான்கு செல்லுக்கு 12.85. பிஎம்எஸ்ஸும் செல்களை இணைக்கும் பஸ்பார்களும் சேர்ந்து சுமார் 0.9 மில்லி ஓம் இருக்கும், 87 ஆம்பியரில் அது இன்னொரு 0.08 வோல்ட்டைத் தின்னும். ஆக பேட்டரி முனையில் 12.77-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கால்வாசி செலவான இடத்தில் சமதளம் நடுப்பகுதியைவிடச் சற்று உயரமாகவே இருக்கும், எனவே இதைவிடக் குறைய நியாயமில்லை.

லோடு ஓடும்போதே மல்டிமீட்டரை நேராக பேட்டரி முனையில் வையுங்கள். நான் சொல்வது முனையின் உலோகத்தில். அதன்மேல் உட்கார்ந்திருக்கும், வயரின் முனையில் மாட்டிய லக்கில் அல்ல. 12.77 காட்டுகிறது. கர்வ் சொன்னபடியே பேட்டரி நடந்துகொள்கிறது, அதில் குறையில்லை. 12.77-க்கும் 12.07-க்கும் நடுவே இருக்கும் 0.70 வோல்ட் வழியில் தொலைகிறது. 87 ஆம்பியரால் பெருக்கினால் 61 வாட், அவ்வளவும் வயரிலும் இணைப்புகளிலும் சூடாகப் போகிறது.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே வழித்தடத்தில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் அளந்துகொண்டே போக வேண்டும். பேட்டரி முனையிலிருந்து லக்குக்கு. லக்கிலிருந்து வயரின் மறுமுனைக்கு. ஃபியூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. நல்ல இணைப்பு ஒன்றில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். இந்தக் கேஸில் ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 0.40 வோல்ட். ஒரு போல்ட்டுக்குக் கீழே வாஷரை ஃபியூஸுக்கும் லக்குக்கும் நடுவே போட்டிருந்தார்கள். லக் ஃபியூஸோடு நேராக ஒட்ட வேண்டும், வாஷர் அதற்கு மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டு இறுக்கியதும் இன்வெர்ட்டரில் 12.45 வந்தது. மிச்சம் 0.3 வோல்ட் வயரின் நீளத்தில் போகிறது. அலாரம் நின்றுவிட்டாலும் வயரைத் தடிமனாக மாற்றுவது நல்லது.

எனவே இந்த அறிகுறிக்கு வரிசை இப்படி: அலாரம் செட்டிங், இணைப்புகள், வயரின் தடிமன். மூன்றும் செலவு குறைந்தவை. இவை தாண்டி, பேட்டரி முனையிலேயே வோல்டேஜ் கணக்கைவிட நன்றாகக் குறைந்தால்தான் செல்களைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் ஒன்றைச் செய்து பாருங்கள். 20 ஆம்பியர் போல ஒரு லோடிலும் 87 ஆம்பியர் லோடிலும் பேட்டரி முனையை அளந்து, மேலே போட்ட அதே கணக்கைப் போடுங்கள். நம் பேட்டரியில் 13.10-உம் 12.77-உம். 0.33-ஐ 67-ஆல் வகுத்தால் 4.9 மில்லி ஓம். நான்கு செல்லுக்கு 4, மற்றதற்கு 0.9 என்று சரியாக வருகிறது. இது 8, 10 என்று வந்தால் உள்ளே ஒரு பஸ்பார் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு செல் நலிந்திருக்கிறது. இரண்டு அளவையும் அடுத்தடுத்து எடுங்கள், ஒவ்வொரு லோடையும் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு எடுங்கள். லோடு போட்ட அந்த நொடியே அளந்தால் வோல்டேஜ் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது, பேட்டரி இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: முனையிலேயே வோல்டேஜ் குறைந்து, பேட்டரி மூடி வெல்டு செய்ததாகவோ சீல் செய்ததாகவோ இருந்தால். இணைப்பைத் தொட முடியாத அளவு சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ லோடை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், அளந்துகொண்டு நிற்க வேண்டாம்.

## அறிகுறி: மொத்த வோல்டேஜ் 12-க்கு மேலேயே இருக்க, பிஎம்எஸ் கட் செய்கிறது

மொத்த வோல்டேஜ் நான்கு செல்லின் கூட்டுத்தொகை. மூன்று செல் சமதளத்தில் 3.20-இல் நிற்க, நான்காவது மட்டும் விளிம்பைத் தாண்டி 2.50-க்கு விழுந்தால் கூட்டுத்தொகை 12.10. வெளியிலிருந்து பார்க்க அது நல்ல வோல்டேஜ்தான். பிஎம்எஸ் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்ப்பதால் அதற்கு உண்மை தெரிகிறது, கட் செய்கிறது. அதை மாற்றிவிடலாம் என்று பிஎம்எஸ்ஸின் எல்லையை இறக்கிவைப்பவர்கள் உண்டு. அந்த ஒரு செல்லைக் கொல்லும் வேலை அது.

செய்ய வேண்டியது தனித்தனி செல் வோல்டேஜைப் பார்ப்பது. பிஎம்எஸ்ஸில் புளூடூத் ஆப் இருந்தால் திறக்காமலே பார்க்கலாம். எப்போது பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லோடு இல்லாமல், சமதளத்தின் நடுவே நான்கு செல்லும் 3.29, 3.29, 3.29, 3.29 என்று காட்டும். "பேலன்ஸ் பக்கா" என்று எழுதிக்கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் ஒரு செல் 40 சதவீதத்திலும் இன்னொன்று 55-லும் இருந்தாலும் சமதளத்தில் கிட்டத்தட்ட இதே எண்தான் வரும். பேலன்ஸைப் பார்க்க வேண்டிய இடம் இரண்டு சரிவுகள்: சார்ஜ் முடியும் நேரமும், டிஸ்சார்ஜ் முடியும் நேரமும்.

இரண்டு முனையிலும் எந்தச் செல் முந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

- கீழே முதலில் விழும் செல், மேலே கடைசியாக நிறைகிறது: செல் நல்லதுதான், மற்றவற்றைவிடச் சார்ஜ் பின்தங்கியிருக்கிறது. சார்ஜரை 14.2 அல்லது 14.4-இல் நிறுத்தி, பிஎம்எஸ் பேலன்ஸ் செய்ய நேரம் கொடுங்கள். பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் கரண்ட் மிகச் சிறியது. 10 ஆம்பியர்-மணி வித்தியாசத்தை 0.1 ஆம்பியரில் சரிசெய்ய 100 மணி நேரம் ஆகும். பொறுமை இல்லையென்றால் பின்தங்கிய செல்லை மட்டும் 3.65-க்கு மேல் போகாத ஒற்றைச் செல் சார்ஜரில் போட்டு மற்றவற்றோடு சமன் செய்யலாம்.
- கீழே முதலில் விழும் செல், மேலேயும் முதலில் 3.65-க்கு எகிறுகிறது: அதன் சமதளமே குட்டையாகிவிட்டது. கொள்ளளவு போன செல். எத்தனை பேலன்ஸ் செய்தாலும் திரும்பாது, மாற்ற வேண்டும்.
- நடுச்சமதளத்தில், லோடு போட்டால் மட்டும் ஒரு செல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து, லோடை எடுத்ததும் உடனே ஏறிச் சேர்ந்துகொள்கிறது: ரெசிஸ்டன்ஸ் சிக்கல். இங்கேதான் சமதளம் நமக்கு வேலை செய்கிறது. எல்லாரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் தாழ்ந்தால் அது பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது வகையில், பிஎம்எஸ்ஸின் சென்ஸ் வயர் பஸ்பாரின் மேல் மாட்டப்பட்டிருந்தால் தளர்ந்த நட்டும் கெட்ட செல் போலவே தெரியும். மல்டிமீட்டர் முனையைச் செல்லின் ஸ்டட்டிலேயே வைத்து இன்னொரு முறை அளங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றம் நட்டில்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரு செல்லை மாற்றும் வேலை. புதுச் செல்லை அப்படியே நடுவில் மாட்டிவிட முடியாது. கொள்ளளவும் ரெசிஸ்டன்ஸும் பழையவற்றோடு ஒத்துப்போக வேண்டும், மாட்டும் முன் சமன் செய்ய வேண்டும். ஒரு செல் 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து நாட்கணக்கில் கிடந்திருந்தால் அதை சார்ஜரில் போட்டு எழுப்பப் பார்க்காதீர்கள். உப்பியிருந்தாலும், புளித்த அல்லது இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலும் அதேதான்.

## அறிகுறி: 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கிறது, 80-ஓடு முடிந்துவிடுகிறது

சண்டைக்குப் போகும் முன், டேட்டாஷீட் அந்த 100-ஐ எந்த நிபந்தனையில் கொடுத்தது என்று படியுங்கள். வழக்கமாக 25 டிகிரி செல்சியஸ், 0.2C அல்லது 0.5C கரண்ட், 3.65 வோல்ட் வரை முழுச் சார்ஜ், 2.5 வோல்ட் வரை டிஸ்சார்ஜ். உங்கள் சோதனையில் இவற்றில் எது மாறியிருந்தாலும் எண் மாறும்.

மலிவான காரணம் பெரும்பாலும் இன்வெர்ட்டர் அணையும் கட்-ஆஃப் வோல்டேஜ். ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதையும் கர்விலேயே பார்த்துவிடலாம். 3.0 வோல்ட்டில் ஒரு கிடைக்கோடு போட்டு, 0.2C கோட்டை அது எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வீழ்ச்சி செங்குத்தாக இருப்பதால், 3.0-க்கும் 2.5-க்கும் நடுவே கிடைப்பது சில ஆம்பியர்-மணிதான். இன்வெர்ட்டர் 12.0-இல் அணைவதால் 20 ஆம்பியர்-மணி போய்விட்டது என்று யாராவது சொன்னால், அந்தக் கிடைக்கோடு அதை ஒப்புக்கொள்ளாது. அதே கட்-ஆஃபை 12.8-க்கு ஏற்றி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அது செல்லுக்கு 3.2, அதாவது சமதளத்தின் மேலேயே கத்தி வைத்தது போல. லோடு கொஞ்சம் கூடினாலே பேட்டரி பாதியில் அணையும்.

அடுத்த காரணம் சார்ஜ் முழுதாக ஏறாதது. அதற்குப் பிறகுதான் கொள்ளளவுச் சோதனை. முழுச் சார்ஜ், ஒரு மணி நேர ஓய்வு, பிறகு 20 ஆம்பியர் நிலையான லோடு. கால் மணிக்கு ஒருமுறை நேரத்தையும் தாழ்ந்த செல்லின் வோல்டேஜையும் எழுதுங்கள். கடைசியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட முடியாது, 3.1-க்குக் கீழே வந்துவிட்டால் நிமிடக்கணக்கில் விழும், பக்கத்திலேயே இருங்கள். 2.5-இல் நிறுத்துங்கள். ஐந்து மணி நேரம் ஓடினால் 100 ஆம்பியர்-மணி, நான்கு மணி நேரம் ஓடினால் 80.

எழுதிய புள்ளிகளை டேட்டாஷீட் கோட்டின் மேலேயே பென்சிலால் போடுங்கள். உங்கள் கோடு அதே உயரத்தில் ஓடி, முன்னதாகவே விழுந்தால் கொள்ளளவு குறைந்திருக்கிறது. 80 சதவீதத்தை ஆயுள் முடிவாகப் பல டேட்டாஷீட்கள் வைத்துக்கொள்கின்றன. ஆனால் லோடு சிறியதாக இருந்தால் அந்தப் பேட்டரியை அதற்குப் பிறகும் ஓட்டலாம், தூக்கிப்போட அவசியமில்லை. உங்கள் கோடு தொடக்கத்திலிருந்தே தாழ்ந்து ஓடி, கடைசியில் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுந்தால் கொள்ளளவு அப்படியே இருக்கிறது, ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கிறது. பெரிய லோடுக்கு உதவாது, சிறிய லோடுக்கு நன்றாக உழைக்கும்.

வாரன்டி கேட்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் படத்தையே கொண்டுபோங்கள். அறையின் வெப்பநிலையையும் கரண்டையும் கட்-ஆஃபையும் ஓரத்தில் எழுதியிருந்தால் மறுத்துப் பேச இடமிருக்காது.

## அறிகுறி: குளிரில் லோடு போட்டதும் வோல்டேஜ் பள்ளத்தில் விழுந்து, தானாக ஏறுகிறது

டேட்டாஷீட்டில் வெப்பநிலை வாரியாக இன்னொரு படம் இருக்கும். அதில் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரி கோடுகளைப் பாருங்கள்: தொடக்கத்தில் ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏறி ஒரு மேடு, அதன்பிறகு வீழ்ச்சி. லோடு ஓட ஓட செல் உள்ளிருந்தே சூடாகி ரெசிஸ்டன்ஸ் குறைவதால் வரும் ஏற்றம் அது. பழுதில்லை. அந்தப் பள்ளம் இன்வெர்ட்டரின் கட்-ஆஃபைத் தொடுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. தொட்டால் முதலில் சிறிய லோடைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பெரியதைப் போடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே டிஸ்சார்ஜ் கோடு வரைந்திருக்கிறார்கள் என்பதற்காக அந்த வெப்பநிலையில் சார்ஜ் செய்யலாம் என்று அர்த்தமில்லை. சார்ஜுக்குத் தனி எல்லை அட்டவணையில் இருக்கும், சாதாரண எல்எஃப்பிக்கு அது 0 டிகிரியில் தொடங்கும்.

## அறிகுறி: சமதளமே வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை

மேலே சொன்ன கொள்ளளவுச் சோதனையில் செல் 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, 3.7 வழியாக ஒரே சாய்வில் 3.0-க்கு இறங்கினால் உங்களிடம் இருப்பது எல்எஃப்பி அல்ல. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சமதளம் 2.3, 2.4-இல் இருந்தால் லித்தியம் டைட்டனேட். மேலுறை மாற்றி விற்கப்பட்ட செல்களில் இது நடக்கிறது. லேபிளைவிடக் கர்வை நம்புங்கள்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே: சார்ஜரைக் கழற்றுவது. எல்எஃப்பிக்கு எல்லை 3.65 வோல்ட், நிக்கல் வகைக்கு 4.2, டைட்டனேட்டுக்கு அதைவிட வெகு குறைவு. எல்எஃப்பியை 4.2 சார்ஜரில் போட்டாலோ டைட்டனேட்டை 3.65-இல் போட்டாலோ செல் அளவுக்கு மீறி நிறைந்து சூடாகும். வகை உறுதியாகும் வரை லோடும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: உடனே. கூப்பிடும்போது நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள்: லோடு கரண்ட் எவ்வளவு, அப்போது பேட்டரி முனையில் எவ்வளவு, கட் ஆகும் நேரத்தில் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு, அறை வெப்பநிலை எவ்வளவு. "13 வோல்ட் காட்டுது சார்" என்று மட்டும் சொன்னால், வருபவர் இந்த நான்கையும் அளக்கத்தான் முதல் ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பார்.